0901-ம் 901-ம்: ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்தே ஷீட் திருத்திய ஆறு வருடம்

மும்பை மாட்டுங்காவில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. எக்செல் ஷீட்டை அப்படியே அனுப்புகிறவர்கள் குறைவு. வாட்ஸப்பில் ஸ்க்ரீன்ஷாட்தான் வரும். அதை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம், எங்கே ஏமாறுவோம் என்பதற்கு ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன்.

தாராவியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அனுப்பியது. "தம்பி, மொத்தம் வர்ற இடத்துல #N/A-ன்னு நிக்குது, நேத்து வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். படத்தில் பச்சைக் கட்டம் E12-ஐச் சுற்றி இருந்தது, மேலே ஃபார்முலா பாரில் `=SUM(E4:E11)`. அதில் ஒரு தவறும் கிடையாது. கூட்ட வேண்டிய செல்களில் ஒன்று பிழையாக இருந்தால் SUM-ம் அதே பிழையைக் காட்டும். அதனால் நான் E12-ஐ விட்டுவிட்டு மேலே தேடினேன். E7-லும் #N/A. ஃபார்முலா பார் எப்போதும் தேர்ந்தெடுத்த செல்லுக்கு உரியதைத்தான் காட்டும். E7-ஐ க்ளிக் செய்து இன்னொரு படம் கேட்டேன்.

```
=IF(C7="","",ROUND(D7*VLOOKUP(C7,$H$2:$I$6,2,FALSE),2))
```

இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதை நான் உள்ளேயிருந்துதான் படிப்பேன். C7-ல் இருக்கும், வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் ஹெச்எஸ்என் எண்ணை H பத்தியில் தேடி, பக்கத்தில் இருக்கும் வரி விகிதத்தை VLOOKUP எடுத்து வருகிறது. அதை D7-ன் விலையோடு பெருக்கி, ROUND இரண்டு தசமத்துக்குச் சுருக்குகிறது. C7 காலியாக இருந்தால் மட்டும் IF வெற்றிடம் விடும். விலையில் யாராவது எழுத்தைத் தட்டியிருந்தால் பெருக்கலில் `#VALUE!` வந்திருக்கும். வந்தது `#N/A`. தேடியது கிடைக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஆக, கோளாறு VLOOKUP-க்குள்.

ஆனால் படத்தில் C7-ல் 0901, அட்டவணையின் H2-லும் 0901. காபித்தூளுக்கு உரிய எண்தான். பிஸ்கட்டின் 1905-ம் சோப்பின் 3401-ம் சரியாக வேலை செய்கின்றன. இதற்கு மட்டும் என்ன?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். C7-ன் 0901 செல்லின் வலது ஓரம் ஒட்டி நின்றது. H2-ன் 0901 இடது ஓரம், மேல் மூலையில் குட்டியாக ஒரு பச்சை முக்கோணம். யாரும் மாற்றாத வரை எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் வைக்கும். எண்ணை எழுத்தாகச் சேமித்திருந்தால் அந்த முக்கோணம் வரும். சந்தேகம் தீர இரண்டு செல்லையும் தனித்தனியாக க்ளிக் செய்து படம் அனுப்பச் சொன்னேன். C7-க்கு ஃபார்முலா பாரில் `901`. H2-க்கு `'0901`.

முன்னால் வரும் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும் என்பதால் அட்டவணை போட்டவர் ஒற்றை மேற்கோள் வைத்து எழுத்தாக அடித்திருக்கிறார். பில் பத்தியிலோ `0000` என்று ஃபார்மேட் கொடுத்திருந்தார்கள். பார்வைக்கு 0901, உள்ளே 901. VLOOKUP பார்ப்பது உள்ளே இருப்பதை. பூஜ்யத்தில் தொடங்காத மற்ற எண்கள் இரண்டு பக்கமும் எண்ணாகவே இருந்ததால் தப்பித்தன. அன்றுதான் அந்த பில்லில் முதன்முதலாகக் காபித்தூள் ஏறியிருக்கிறது.

இரண்டு பத்திகளையும் Text ஃபார்மேட்டுக்கு மாற்றி, எண்களை மறுபடி அடிக்கச் சொன்னேன். மறுபடி அடிப்பதுதான் முக்கியம். ஃபார்மேட்டை மட்டும் மாற்றினால் 901 இடப்பக்கம் நகருமே தவிர எண்ணாகவே இருக்கும். அந்த நிலையில் படத்தில் பக்கத்தைப் பார்த்துத் தீர்மானித்தால் ஏமாந்துபோவோம். நடுவில் வைத்திருந்தாலும் அப்படித்தான். அந்த மாதிரி நேரத்தில் ஒரு காலி செல்லில் `=ISTEXT(C7)` போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இப்போதெல்லாம் முதல் படத்தோடு இன்னொன்றும் கேட்கிறேன்: Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு Esc-க்குக் கீழே இருக்கும் ` விசையை அழுத்தினால் ஷீட் முழுக்க ஃபார்முலாவாக மாறும், ஃபார்மேட்டும் கழன்றுவிடும். 901-ம் 0901-ம் அந்த ஒரே படத்தில் வேறு வேறாகத் தெரிந்துவிடும்.

அண்ணாச்சிக்கு யாரோ இதற்குள் "IFERROR போட்டு பூஜ்யம் வர வையுங்க" என்று சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, அவர் செய்யவில்லை. நானே முதல் இரண்டு வருடம் எல்லா இடத்திலும் அதைப் போட்டவன். போட்டிருந்தால் மொத்தம் அழகாக வந்திருக்கும். 8,400 ரூபாய்க் காபித்தூளுக்கு 5 சதவீதம், 420 ரூபாய் வரி, கணக்கில் வராமலே போயிருக்கும்.