வாரம் ஒரு ரீஃபீட் நாளா, இரண்டு வார டயட் பிரேக்கா?

கொழுப்பைக் குறைக்கும் முயற்சி நான்கைந்து மாதங்களுக்கு நீளும்போது இடையில் எங்காவது நிறுத்தி மூச்சுவிட வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் மாவுச்சத்தைக் கூட்டி, எடை ஏறவும் இறங்கவும் செய்யாத பராமரிப்பு அளவுக்குச் சாப்பிடுவது ரீஃபீட். பல வாரங்களுக்கு ஒரு முறை, தொடர்ந்து ஒன்று அல்லது இரண்டு வாரம் அதே அளவில் சாப்பிடுவது டயட் பிரேக். இரண்டுமே விருப்பம்போல் உண்ணும் விடுமுறை அல்ல. இரண்டிலும் கணக்கு உண்டு.

முதலில் விலையைப் பார்ப்போம். 86 கிலோ எடையுள்ள ஒருவர் 76 கிலோவுக்கு வர விரும்புகிறார். அவருடைய பராமரிப்பு அளவு நாளுக்கு 2400 கலோரி, அவர் உண்பது 1900 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்ற வழக்கமான மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 3500 கலோரி பற்றாக்குறையில் அவருக்கு 22 வாரம் ஆகும். எடை குறையக் குறையப் பராமரிப்பு அளவும் இறங்குவதால் நடைமுறையில் இன்னும் சற்று நீளும் என்றாலும், ஒப்பிடுவதற்கு இது போதும். வாரம் ஒரு நாள் 2400 உண்டால் பற்றாக்குறை 3000 ஆகிப் பயணம் 26 வாரமாகிறது. ரீஃபீட் எதுவுமின்றி, 8ஆம் வாரத்துக்குப் பின்னும் அடுத்த 8 வாரத்துக்குப் பின்னும் இரண்டிரண்டு வார பிரேக் எடுத்தாலும் அதே 26 வாரந்தான். ஆகவே இரண்டு வழிகளுக்கும் கொடுக்கும் விலை ஒன்றே. நான்கு வாரக் காலம். வாரம் இரண்டு ரீஃபீட் நாள் வைத்தால் அது 31 வாரமாகிவிடுகிறது என்பதைப் பலர் கணக்கிடுவதில்லை. மற்ற ஐந்து நாளும் 1700 ஆக இறக்கி அதை ஈடுகட்டலாம். ஆனால் அப்போது அந்த ஐந்து நாளும் பசி கடுமையாகும்.

அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? வளர்சிதை மாற்றம் மீண்டும் சூடுபிடிக்கும் என்பதுதான் பரவலான நம்பிக்கை. 2017இல் வெளிவந்த மேட்டடார் என்ற ஆஸ்திரேலிய ஆய்வு இந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது. உடற்பருமன் உள்ள 51 ஆண்கள் அதில் பங்கேற்றனர். இரு பிரிவினருக்கும் பற்றாக்குறையில் கழித்த காலம் 16 வாரமே என்றாலும், இரண்டு வாரம் பற்றாக்குறை, இரண்டு வாரம் பராமரிப்பு என்று மாறிமாறி 30 வாரம் சென்றவர்கள் சராசரியாக 14 கிலோவும், இடைவிடாமல் சென்றவர்கள் 9 கிலோவும் குறைந்தனர். ஆனால் 2021இல் வெளிவந்த ஐஸ்கேப் ஆய்வில், எடைப்பயிற்சி செய்து பழகிய 61 பேரிடம் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் பிரேக் கொடுத்துப் பார்த்தபோது, கொழுப்பு இழப்பிலோ ஓய்வுநிலை எரிசக்திச் செலவிலோ வேறுபாடு தெரியவில்லை. பசி மட்டும் பிரேக் எடுத்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. ரீஃபீட் பக்கம், 2020இல் 27 பேரிடம் 7 வாரம் நடந்த ஆய்வொன்று, வாரம் இரண்டு நாள் மாவுச்சத்து கூட்டியவர்கள் தசை உள்ளிட்ட கொழுப்பில்லா எடையைச் சற்று அதிகமாகத் தக்கவைத்ததாகக் காட்டியது. கொழுப்பில்லா எடையில் நீரும் அடங்கும் என்பதால் நான் அதன் மீது அதிகம் சாய மாட்டேன்.

ஒரு நாள் கூட்டி உண்பதால், பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் ஏறினாலும், பற்றாக்குறை திரும்பியதும் இறங்கிவிடுகிறது. எனவே ரீஃபீட் உண்மையில் தருவது, தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைக்கோஜனின் நிரப்பல்தான். அதன் பயன் அடுத்த நாள் பயிற்சியில் தெரியும். பிரேக் தருவதோ, இரண்டு வாரம் தொடர்ச்சியாகப் பசியின்றி இருப்பதும், தூக்கமும் பயிற்சியின் கனமும் மீள்வதும், பராமரிப்பு அளவில் உண்ணும் பழக்கத்தை ஒத்திகை பார்ப்பதும். எனவே கனமான பயிற்சி செய்யாதவருக்கு, அதே நான்கு வாரத்தைப் பிரேக்குக்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. ஏற்கெனவே மெலிந்த, வாரம் நான்கைந்து நாள் கனமாகப் பயிற்சி செய்பவருக்கு ரீஃபீட் பொருந்தும். அவர் அதைக் கால் பயிற்சி போன்ற கடினமான நாளுக்கு முந்தைய நாளில் வைக்க வேண்டும். கூட்டவேண்டிய 500 கலோரி என்பது ஏறத்தாழ 380 கிராம் வெந்த சோறு. அதையே பிரியாணியாகவோ பரோட்டாவாகவோ உண்டால் எண்ணெய் கணக்கை விழுங்கிவிடும். கிளைக்கோஜனுக்கு வேண்டிய மாவுச்சத்தும் குறைந்துவிடும். ஒரு நாள் அவிழ்த்துவிட்டால் மறுநாள் நிறுத்த முடியாமல் உண்ணும் இயல்புடையவர்கள் ரீஃபீட்டைத் தவிர்ப்பது நல்லது.

பிரேக்கில் பெரும்பாலோர் தவறுவது பராமரிப்பு அளவைத் தீர்மானிப்பதில். தொடக்கத்தில் இருந்த 2400 இப்போது செல்லாது. முதல் இரு வாரங்களில் இறங்குவதில் நீரும் அடங்கும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, 4ஆம் வாரத்தின் சராசரி எடையையும் 8ஆம் வாரத்தின் சராசரி எடையையும் எடுக்க வேண்டும். நம்மவருக்கு அவை 83.9, 82.6 என்றால், நான்கு வாரத்தில் 1.3 கிலோ இழப்பு. அது ஏறத்தாழ 10,000 கலோரி, அதாவது நாளுக்குச் சுமார் 360. உண்ட 1900உடன் கூட்டினால் 2260. பிரேக்கில் அவர் உண்ணவேண்டியது இதுதான். புரதத்தையும் கொழுப்பையும் அப்படியே வைத்து, கூடும் 360 கலோரியையும் மாவுச்சத்தாகச் சேர்க்க வேண்டும்; நடையையும் குறைக்கக் கூடாது. நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், ரீஃபீட்டானாலும் பிரேக்கானாலும் இந்த மாற்றத்தை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

அடுத்த இடறல் எடைமானி. ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்கிறது. 300 கிராம் கிளைக்கோஜன் நிரம்பினால் 1.2 கிலோ கூடுதலாகத் தெரியும். அதைக் கண்டு பதறி மூன்றாம் நாளே பிரேக்கை முறித்துக்கொள்பவர்கள் உண்டு. எடை முதல் நான்கைந்து நாளில் ஏறி அங்கேயே நின்று, தொப்புள் மட்டத்தில் இடுப்பளவும் மாறாமல் இருந்தால் அது நீர். இரண்டாம் வாரத்திலும் ஏறிக்கொண்டே போனால் உணவு பராமரிப்பு அளவைத் தாண்டுகிறது. 150 கலோரி குறைத்துப் பார்க்கலாம். ஒரு வார பிரேக்கில் இந்த வேறுபாட்டைக் காண்பதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. நான் இரண்டு வாரத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். திரும்பும்போது படிப்படியாக இறங்கத் தேவையில்லை. மறுநாளே 1900க்கு வந்துவிடலாம். அந்த வாரம் சட்டென்று இறங்கும் ஒரு கிலோவும் நீர்தான், அதைச் சாதனையாகக் கணக்கில் எழுதக் கூடாது.

எங்கே வைப்பது? உடற்கொழுப்பு அதிகமாக இருப்பவர் முதல் பிரேக்கைப் 10, 12 வாரம் வரை தள்ளலாம். மெலிய மெலிய 6 முதல் 8 வாரத்துக்கு ஒன்று தேவைப்படும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் ஆண்டைப் பொறுத்து 9 முதல் 13 வாரம் இருப்பதால், இரண்டு பிரேக்கையும் அந்தப் பண்டிகை வாரங்களை உள்ளடக்கி அமைப்பது நம் நாட்காட்டிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. பண்டிகை நாளின் பலகாரத்தால் ஒரு நாள் கூடினாலும், அது 14 நாளில் ஒன்றாகக் கரைந்துவிடும். அதற்கு முன்பே, உறங்க முடியாத பசியும், வழக்கமான கனத்தைத் தூக்க முடியாமையும் இரண்டு வாரம் தொடர்ந்தால், பண்டிகைக்குக் காத்திராமல் பிரேக்கை முன்னுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அடுத்த 8 வாரத்தை எண்ணத் தொடங்கலாம்.