பெயரா, மின்னஞ்சலா, பதிவு எண்ணா? ஹைப்ரிட் நிகழ்ச்சியின் வருகையைச் சரிபார்க்கும் மூன்று வழிகள்

கொஞ்சம் பேர் அரங்கில், மீதிப் பேர் இணையத்தில் என்று நடக்கும் பயிலரங்கு முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் கையில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று, ஜூம் போன்ற தளம் தரும் பங்கேற்பாளர் அறிக்கை. இன்னொன்று, வாசலில் க்யூஆர் ஸ்கேன் செய்த செக்-இன் பட்டியல். யாருக்குச் சான்றிதழ் என்று முடிவு செய்ய இரண்டையும் பொருத்தியாக வேண்டும். எதை வைத்துப் பொருத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

பெயரை வைத்துப் பொருத்துவது முன்னேற்பாடு எதுவும் கேட்காது. அதன் நல்ல குணம் அதோடு முடிந்துவிடுகிறது. செக்-இன்னில் ‘லட்சுமி ஆர்’ என்று இருப்பவர் இணையத்தில் ‘லக்ஷ்மி’ என்றோ, வெறும் ‘iPhone’ என்றோ வருவார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவருடைய வருகை இன்னொருவர் கணக்கில் ஏறும், அது தெரியவும் தெரியாது. மற்ற வழிகளில் பொருந்தாமல் மிஞ்சும் சில வரிசைகளைக் கண்ணால் பார்த்து முடிக்க மட்டும் பெயர் போதும்.

மின்னஞ்சல் இதைவிட நல்லது. ஆனால் முன்பதிவு இல்லாமல் பொது இணைப்பில், கணக்குக்குள் நுழையாமல் வருபவர்களுக்கு அறிக்கையில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அலுவலக முகவரியில் பதிவு செய்துவிட்டு சொந்த முகவரியில் இணைபவர்களும் உண்டு. பார்க்க ஒன்றாகவே தெரியும் இரண்டு முகவரிகள் எக்செலில் பொருந்தாவிட்டால் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைச் சந்தேகிக்க வேண்டாம். XLOOKUP அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. ஒட்டும்போது கூடவே வந்த இடைவெளிதான் வழக்கமான காரணம். TRIM மட்டும் போட்டால் அதில் ஒரு வகை போகாது. அதனால் இப்படி எழுதுவது பாதுகாப்பு:

```
=TRIM(SUBSTITUTE(B2,CHAR(160)," "))
```

என் தேர்வு பதிவு எண். பதிவின்போதே ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, வாசலில் காட்டும் க்யூஆரிலும், அவருக்கென்று தனியாக அனுப்பும் இணைய இணைப்பிலும் அதே எண்ணைக் கட்டிவிட வேண்டும். முன்வேலை அதிகம்தான், ஆனால் பின்வேலை பெருமளவு குறையும். ஒரு சின்ன எச்சரிக்கை: 0147 என்ற எண்ணை எக்செல் 147 ஆக்கிவிடும், அப்புறம் எதுவும் பொருந்தாது. அந்த நெடுவரிசையை உரையாக இறக்குமதி செய்யுங்கள்.

இந்த 0147-ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வாசலில் 9:42-க்கு ஸ்கேன் ஆகியிருக்கிறது. இணைய அறிக்கையில் 10:00 முதல் 10:50 வரை ஒரு வரிசை, 10:30 முதல் 11:10 வரை இன்னொரு வரிசை. நிமிடங்களைக் கூட்டினால் 50, 40, ஆக 90 வரும். ஆனால் 10:30 முதல் 10:50 வரை இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. உண்மையில் இணைப்பு இருந்தது 70 நிமிடம்தான். குறைந்தபட்ச நேரம் 80 நிமிடம் என்று விதி இருந்தால், அந்தத் தப்பான கூட்டலே சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடும்.

சரி, அரங்கில் இருப்பவர் இணையத்தில் எப்படி? மோசடி என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ஸ்லைடைப் பக்கத்தில் பார்க்கவும், சாட்டில் கேள்வி போடவும் அரங்கில் உட்கார்ந்தே பலர் இணைவார்கள். மடிக்கணினியோடு கைபேசியும் சேர்ந்தால் இரண்டு வரிசை. அந்த இரண்டிலும் காட்சிப் பெயர் வேறு வேறாக இருந்தால்தான் இணைப்பு கைமாறியிருக்குமோ என்று கேட்கலாம். அறிக்கையில் ஐபி முகவரி கிடைத்து, அது அரங்கத்து வைஃபையின் பொது முகவரியாக இருந்தால் ஆள் உள்ளேதான் என்று பெரும்பாலும் நம்பலாம். வேறாக இருந்தால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. மொபைல் டேட்டாவில் இருந்திருக்கலாம்.

நேரங்களை ஒப்பிடும் முன் கடிகாரங்களைச் சரிபாருங்கள். செக்-இன் செயலி யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும், கூட்டத் தளம் உள்ளூர் நேரத்திலும் ஏற்றுமதி செய்தால் எல்லா வரிசையும் ஒரே அளவு தள்ளியிருக்கும். காலை நிகழ்ச்சிக்கு விடியற்காலையில் ஸ்கேன் ஆகியிருந்தால் இதுதான் விஷயம்.

இரண்டு பதிவுகளும் ஒரே தரச் சாட்சி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். செக்-இன் ஒருவர் வந்ததைச் சொல்லும், இருந்ததைச் சொல்லாது. ஸ்கேன் செய்த கையோடு கிளம்பியவரும் பட்டியலில் இருப்பார். இணையப் பதிவு எவ்வளவு நேரம் இணைப்பு இருந்தது என்று சொல்லும், திரைக்கு முன்னால் ஆள் இருந்தாரா என்று சொல்லாது. இணையத்தில் வந்தவருக்கு மட்டும் நேர வரம்பு வைத்து, அரங்கில் வந்தவரை ஒரே ஸ்கேனில் விட்டுவிடுவது நியாயமில்லை. வெளியேறும்போதும் ஒரு ஸ்கேன் வைத்தால் இரு தரப்புக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கலாம்.