"பேர் ஒத்துப்போகலை அக்கா, விரலை இன்னொருக்கா வைங்க": கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குழுக் கடன் கேட்பவர்கள் கவனத்துக்கு

நான் வாங்காத 45,000 ரூபாய் கடன் என் பெயரில் இருக்கிறது. கடன் கேட்டேன் என்பது உண்மை. "உங்க பேர் ரிஜெக்ட் ஆயிடுச்சு அக்கா" என்று சொன்னதும் விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் அது ரிஜெக்ட் ஆகவே இல்லை என்று தெரிந்தது.

2024 ஆகஸ்டில் நடந்தது. தையல் மெஷினுக்கு மோட்டார் போடவும் துணி எடுக்கவும் பணம் வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை கூடுகிற குழுவில் சேர்ந்தேன். ஒரு சின்ன நிதி நிறுவனம். பெயரைப் போடவில்லை, புகார் நடக்கிறது. வந்த ஃபீல்டு ஆபீசர் தமிழ்ப் பையன்தான், மரியாதையாகத்தான் பேசினார். கூடவே இன்னொரு பையன், கையில் சின்னக் கறுப்பு விரல்ரேகை மெஷின்.

முறைப்படி என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். இதற்கு முன் வேறு இடத்தில் ஒரு கடன் வாங்கி அடைத்தவள் நான். குழுவுக்கு இரண்டு மூன்று நாள் கூட்டம் போட்டு வட்டி, தவணை எல்லாம் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து குடும்ப வருமானம் கேட்பார்கள். வருடத்துக்கு 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத்தான் இந்த வகைக் கடன். ஆதார், வாக்காளர் அட்டை பார்த்து போட்டோ எடுப்பார்கள். பழைய கடன் விவரம் பார்க்க நம் போனுக்கு ஓடிபி வரும். பாஸ்புக்கைப் பார்த்து, அந்த அக்கவுண்டுக்கு ஒரு ரூபாய் அனுப்பி, அது நம் பெயரில்தான் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கடைசியாக, ஆபீசர் இல்லாமல் மேனேஜர் தனியாக வந்து, "நீங்கதானா, எவ்வளவு கேட்டீங்க, எதுக்கு?" என்று குழுவையே உட்காரவைத்துக் கேட்பார். அதற்கப்புறம்தான் பணம்.

எனக்கு ஓடிபி வரவில்லை. "சர்வர் ஸ்லோ, நான் பாத்துக்கறேன்" என்றார் ஃபீல்டு ஆபீசர். ஒரு ரூபாய் வந்ததாக மெசேஜும் இல்லை. மேனேஜர் வரவேயில்லை. அன்றைக்கு இவையெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் என் கவனம் முழுக்க பெயர்ப் பிரச்சினையில் இருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து, வாக்காளர் அட்டையில் வீட்டுக்காரர் பெயர், ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதிய வேறொரு ஸ்பெல்லிங். கேரளத்தில் இருக்கிற தமிழர் வீட்டில் மூன்று அட்டையிலும் ஒரே பெயர் இருந்தால் அதிசயம். அதைத்தான் பிடித்துக்கொண்டார். "பேர் ஒத்துப்போகலை, கைரேகை வெச்சாத்தான் சரியாகும்." வைத்தேன். "பதியலை, இன்னொருக்கா." வைத்தேன். விரலைத் துடைக்கச் சொல்லி மூன்றாவது முறையும். ஃபாரம் முழுக்க மலையாளமும் இங்கிலீஷும், கையெழுத்துப் போட்டேன். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது.

பதினைந்து நாள் கழித்து ரிஜெக்ட் என்றார். குழுவில் மற்றவர்களுக்குக் கடன் வந்தது. சரி, நம் நேரம் என்று இருந்துவிட்டேன்.

மாட்டியது கடனில் இல்லை, நூறு நாள் வேலைக் கூலியில். நவம்பரில் 11 நாள் தொழிலுறப்பு வேலை, ஒரு நாளைக்கு 346 ரூபாய், மொத்தம் 3,806. அது வரவேயில்லை. பஞ்சாயத்தில் கேட்டால், "பணம் போயாச்சு சேச்சி" என்று நான் கேள்விப்படாத ஒரு பேங்க் பெயரைச் சொன்னார்கள். அந்தக் கூலி ஆதார் வழியாகப் போகிற பணம். எந்த அக்கவுண்ட் கடைசியாக ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் விழும். அக்ஷயா சென்டரில் ஆதார் தளத்தில் பேங்க் இணைப்பைப் பார்த்தார்கள். என் பழைய பேங்க் இல்லை, அந்தப் புது பேங்க்.

சென்டரில் இருந்த பெண் ரொம்பக் கெட்டிக்காரி. "சேச்சியோட ஆதார் எங்கெல்லாம் உபயோகிச்சிருக்காங்கன்னு பார்க்கலாம்" என்று அதே தளத்தில் இன்னொரு பக்கம் திறந்தாள். myaadhaar.uidai.gov.in போய், ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓடிபி போட்டால், கடைசி ஆறு மாதத்தில் எந்த நாள், எந்த நேரம், எந்த நிறுவனம், விரல்ரேகையா ஓடிபியா என்று வரிசையாக வரும். ஆகஸ்டில் அந்த ஒரே நாளில் மூன்று கைரேகைப் பதிவு. மூன்றும் வெற்றி. மூன்றும் அந்தப் பேங்க். "பதியலை" என்றது பச்சைப் பொய். நிதி நிறுவனத்தின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆதார் கைரேகையை நேரடியாகச் சரிபார்க்க இப்படிப்பட்ட நிறுவனத்துக்குத் தனி அனுமதி வேண்டும், எல்லோருக்கும் அது கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் ஆளைச் சரிபார்க்க அட்டையும் அதிலுள்ள கியூஆர் கோடும் போதும். ஒருவேளை நான் மார்ச்சில் போய்ப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே மறைந்திருக்கும்.

ஆக, நடந்தது இதுதான். என் விரலை வைத்து என் பெயரில் ஒரு அக்கவுண்ட். அதில் கொடுத்த போன் நம்பர் அவர்களுடையது, கார்டும் அவர்கள் கையில். கடன் விண்ணப்பத்திலும் அதே நம்பர். அதனால் ஓடிபி அங்கே போனது. ஒரு ரூபாய்ச் சோதனையிலும் பெயர் சரியாக வந்துவிட்டது, ஏனென்றால் அக்கவுண்ட் நிஜமாகவே என் பெயரில்தானே! மேனேஜர் வந்து முகத்தைப் பார்த்திருந்தால் மட்டும்தான் பிடிபட்டிருக்கும்.

என் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்தோம். வருடத்துக்கு ஒரு முறை இலவசம். 45,000 கடன், இரண்டு தவணை கட்டியாச்சு, மூன்றாவது பாக்கி. இரண்டு தவணை ஏன் கட்டினார்கள் என்று யோசித்தேன். முதல் தவணையே தவறினால் ஆபீசில் இருந்து வீட்டுக்கு ஆள் வருமே, அதற்குத்தான்.

நிறுவனத்துக்குப் போனால், "கையெழுத்து உங்களுது, போட்டோ உங்களுது" என்றார்கள். வாதாடவில்லை. எழுத்தில் கேட்டேன்: விண்ணப்ப நகல், அதிலுள்ள போன் நம்பர், ஓடிபி போன நேரம், வட்டி, தவணை எல்லாம் எனக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய கடன் அட்டையை நான் வாங்கியதற்கான கையெழுத்து. கடன் அட்டைக்கு மட்டும் அவர்களிடம் எதுவும் இல்லை. 30 நாள் பதில் இல்லாததால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேனுக்குப் புகார் போட்டேன், ஸ்டேஷனிலும் கொடுத்தேன். அந்த பேங்க் அக்கவுண்டை முடக்கியது. கூலியில் 212 ரூபாய் மிச்சம் இருந்தது. ஆதார் இணைப்பைப் பழைய பேங்குக்கே மாற்றிவிட்டேன்.

இப்போது கைரேகையை ஆதார் ஆப்பில் பூட்டி வைத்திருக்கிறேன். இதில் ஒரு தொல்லை, ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன் திறக்க வேண்டும், பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். வரிசை நீளமாக இருந்தால் இரண்டு முறை திறக்கிறேன்.

யாராவது கடன் ரிஜெக்ட் என்று சொன்னால், அன்றைக்கே அந்த ஆதார் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டும் எடுங்கள். கைரேகை இரண்டாவது முறை கேட்டால், மெஷினில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் அந்தக் கடன் இப்போது "தகராறில் உள்ளது" என்று மட்டும் மாறியிருக்கிறது. அந்த ஆபீசர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது, புது ஆபீசரோடு. போன வாரம் குழு அக்கா என்னிடம், "நீ வரலைன்னா பரவால்ல, வர்றவங்களைப் பயமுறுத்தாதே" என்றார்.