டிகாஷன் திக்காக இறங்க: பொடியின் பதமும் தண்ணீரின் கொதியும்

எங்கள் வீட்டில் இருப்பது மூன்று டம்ளர் காபிக்கான சின்ன எவர்சில்வர் ஃபில்டர். பல வருஷமாகக் காலையும் சாயங்காலமும் அதில்தான் டிகாஷன் இறங்குகிறது. பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் கொட்டையும் சரிபாதி, அதோடு நூற்றுக்கு இருபது சிக்கரி. ராமநாதபுரம் டவுனில் வறுத்து அரைத்துத் தரும் கடையில் வாங்கி எங்கள் ஊரான மண்டபத்துக்குக் கொண்டுவருவோம். இத்தனை நாள் புழக்கத்தில் என் தீர்மானம் இதுதான்: கொட்டை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், பொடியின் பதமும் தண்ணீரின் சூடும் சரியாக அமையாவிட்டால் அந்தக் காசு டம்ளருக்கு வந்து சேராது.

முதலில் எங்கள் அளவைச் சொல்லிவிடுகிறேன். பொடி 30 கிராம், தண்ணீர் 150 மில்லி. பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கீழே 90 மில்லி டிகாஷன்தான் வரும். டம்ளருக்கு 30 மில்லி டிகாஷன், 100 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பால். மூன்று பேருக்குத் திக்கான காபி.

சரி, பதத்துக்கு வருவோம். ஃபில்டரில் தண்ணீரைக் கீழே தள்ள பம்பு ஒன்றும் கிடையாது. தன் கனத்தால் தானே பொடிக்குள் ஊறி, துளை வழியாகச் சொட்ட வேண்டும். அது எவ்வளவு நேரம் பொடியோடு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பொடியின் பதம்தான். கொரகொரப்பாக இருந்தால் இடைவெளி அதிகம், நாலைந்து நிமிஷத்தில் தண்ணீர் ஓடிவிடும். பொடித்துகளின் உள்ளே இருக்கும் சாறு வெளியே வர நேரமே இருக்காது. டிகாஷன் வெளுப்பாக, வாயில் லேசாகப் புளிக்கும். மாவாக அரைத்துவிட்டால் நேர் எதிர். துகளெல்லாம் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும், சிக்கரி வேறு ஈரத்தில் ஊறி உப்பும், துளை அடைபடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் மேலே தண்ணீர் நிற்கும். இறங்கிய கொஞ்சமும் கசப்பும் துவர்ப்புமாக நாக்கில் ஒட்டும்.

எங்கள் ஃபில்டருக்குச் சரியான பதம் பொடி ரவைக்கும் மைதாவுக்கும் நடுவில் இருக்கும். கடையில் அரைத்தவுடன் இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பேன். நறநறவென்று குருணை தட்டுப்பட வேண்டும், ஆனால் ஒவ்வொரு குருணையும் தனித்தனியாகக் கண்ணில் படக் கூடாது. விரல் ரேகைக்குள் மாவாக அப்பிக்கொண்டால் அது நைஸ். "ஃபில்டருக்கு அரைங்கண்ணே, நைஸ் வேணாம்" என்று சொல்லிவிட்டு, முதல் கைப்பிடியை மட்டும் அரைத்துக் காட்டச் சொல்வது என் வழக்கம். மிஷினின் திருகைக் கால் சுற்று திருப்பினாலே வித்தியாசம் தெரியும். வீட்டு மிக்சியில் அரைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பிளேடு வெட்டுவதால் ஒரே பொடியில் தூசியும் இருக்கும், பெரிய துண்டும் இருக்கும். தூசி கசப்பைத் தரும், துண்டு சப்பென்று இருக்கும், இரண்டும் ஒரே டம்ளரில் வந்து சேரும்.

இனி தண்ணீர். "கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே, காபி கருகிவிடும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். காபிக்கொட்டையை வறுக்கும்போதே அது 200 டிகிரிக்கு மேல் சூடேறி வருகிறது. 100 டிகிரித் தண்ணீர் அதைக் கருக்காது. கசப்பு வந்தால் பெரும்பாலும் பொடி மாவாக இருக்கிறது, அதனால் தண்ணீர் அதிக நேரம் ஊறுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு பக்கம், 90-லிருந்து 96 டிகிரிக்குள் தண்ணீர் இருக்க வேண்டும் என்று காபி தெரிந்தவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது பொடியைத் தொடும்போது இருக்க வேண்டிய சூடு. கெட்டிலில் இருக்கும் சூடு வேறு, பொடிக்குள் போய்ச் சேரும் சூடு வேறு. நம் சின்ன ஃபில்டரில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேல் பாத்திரமும் துளைத் தட்டும் சேர்ந்து ஏறக்குறைய 200 கிராம் எவர்சில்வர், அதோடு 30 கிராம் பொடி. இரண்டும் அடுப்படிச் சூட்டில், அதாவது 30 டிகிரியில் இருக்கின்றன. அதில் 100 டிகிரியில் 150 மில்லி ஊற்றினால், பாத்திரமும் பொடியும் சூட்டை வாங்கிக்கொண்டு எல்லாம் சேர்ந்து 87 டிகிரிக்கு வந்து நிற்கும். கொதித்த தண்ணீரை ஆறவைத்து 90-ல் ஊற்றினால், பொடிக்குள் இருப்பது 79 டிகிரிதான். அதில் நல்ல டிகாஷன் எப்படி இறங்கும்?

மேல் பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவிச் சூடாக்கி, துடைத்துவிட்டுப் பொடி போட்டால் அதே 100 டிகிரித் தண்ணீர் 92 வரை நிற்கும். இந்த ஒரு வேலைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. சமையல் தெர்மாமீட்டரின் முனையைப் பொடிக்குள் செருகிப் பார்த்ததிலும் இந்தக் கணக்கை ஒட்டித்தான் வந்தது. மண்டபம் கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100-ல் கொதிக்கிறது. கொடைக்கானல் போன்ற மலையில் 93 பக்கத்திலேயே கொதித்துவிடும். அங்கே ஆறவைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

சூடு குறைந்தால் இன்னொரு கோளாறும் வரும், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஆறிய தண்ணீரின் ஓட்டம் சற்று மந்தமாகும், பொடிக்குள் புகுந்து இறங்க அதிக நேரம் எடுக்கும். அதனால் டிகாஷன் மெதுவாக இறங்கினாலே திக்காக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நான் பார்ப்பது நேரத்தையும் ருசியையும் சேர்த்து. வேகமாக இறங்கி வெளுப்பாக இருந்தால் பொடி கொரகொரப்பு. மெதுவாக இறங்கிக் கசந்தால் பொடி நைஸ். மெதுவாக இறங்கியும் சப்பென்று இருந்தால் தண்ணீர் சூடு பத்தவில்லை. சரியாக அமைந்த நாளில் முதல் ஐந்து நிமிஷத்தில் பாதிக்கு மேல் இறங்கி, கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் சொட்டு நின்றுவிடும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிக்கரி கூடினால் டிகாஷன் கன்னங்கரேலென்று இருக்கும், வாயில் காபியே இருக்காது. பாக்கெட்டில் வாங்குபவர்கள் சிக்கரி அளவைப் படித்துப் பாருங்கள். நம் நாட்டு விதிப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது, 49 வரை சிக்கரி இருக்கலாம்.

செய்முறை சிக்கலானது இல்லை. சூடான பாத்திரத்தில் பொடியைப் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் மட்டமாகிவிடும். நடுவில் காம்பு வைத்த துளைத் தட்டை, எங்கள் வீட்டில் குடை என்போம், அதன் மேல் வைத்தால் போதும், அமுக்க வேண்டியதில்லை. அமுக்கினால் நல்ல பதப் பொடியும் நைஸ் பொடி மாதிரி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இரண்டு கரண்டி மட்டும் சுற்றிலும் ஊற்றி, அரை நிமிஷம் விடுங்கள். பொடி நனைந்து ஊறும், புதுப் பொடியாக இருந்தால் குமிழ் கிளம்புவது தெரியும். அப்புறம் மீதித் தண்ணீரை அதே கொதியோடு ஊற்றி மூடிவிடலாம்.

சில நாள் எல்லாம் சரியாகச் செய்தும் சொட்டு நின்றுபோகும். போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது மதினி ஃபில்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, அரை மணி நேரமாச்சு, கீழே ஒரு கரண்டிதான் இருக்கு. பொடி சரியில்லையா?" என்றார்கள். "மேல் பாத்திரத்தை லேசாத் தூக்கிப் பாருங்க மதினி" என்றேன். தூக்கியதும் கடகடவென்று இறங்கியது. இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்திவிட்டால் கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் சொட்டைத் தடுக்கும். பொடியைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் துளை. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பும் கடினமும், காபிக்குக் காவிரிக் கூட்டுக்குடிநீர்தான். அது வராத நாளில் கேன் தண்ணீர். போர் தண்ணீரில் போட்டால் டிகாஷனின் மணம் அமுங்கி ருசி தட்டையாகிவிடுகிறது, அதில் கழுவி வைத்தாலே துளையில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று தெரியும். எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் கொதிக்கவிட்டால் உப்பு கரையும். பொடி அடைத்திருந்தால், எவர்சில்வரை அடுப்புத் தீயில் கொஞ்சம் காட்டித் தட்டலாம். உள்ளே ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரை மட்டும் தீயில் காட்டாதீர்கள், பூச்சு உருகிவிடும்.

கடலோரத்துக்கென்று இரண்டு சங்கதி உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அடுப்படி ஜன்னல் வழியாக வரும் காற்று, இறங்குகிற இருபது நிமிஷத்தில் ஃபில்டரை வெகுவாக ஆற்றிவிடும். நாங்கள் கனத்த துண்டைச் சுற்றி மூலையில் வைக்கிறோம். வாடைக்காலத்தில் காற்றே ஈரம், பொடி அதை உறிஞ்சிக் கட்டி தட்டுகிறது. கட்டி தட்டிய பொடியில் தண்ணீர் ஒரு பக்கமாக வழி பிடித்து ஓடிவிடும். வடிந்த பிறகு குடையை எடுத்துப் பார்த்தால் பொடியில் பள்ளமும் காய்ந்த திட்டும் இருக்கும். அதனால் அந்த மாதங்களில் 100 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை, இறுக மூடும் டப்பாவில் வைக்கிறோம். ஃப்ரிட்ஜில் வைத்துத் தினமும் வெளியே எடுத்தால் குளிர்ந்த பொடியில் ஈரம் படியும். இந்த ஊர்க் காற்றுக்கு அது ஆகாது.

இந்தக் கணக்கெல்லாம் மூன்று டம்ளர் ஃபில்டருக்குத்தான் பொருந்தும். பத்துப் பேருக்குப் போடும் பெரிய ஃபில்டரில் தண்ணீர் அதிகம், பாத்திரம் அதன் சூட்டை அவ்வளவாகக் குறைக்காது. கொதி அடங்கி ஒரு நிமிஷம் கழித்து ஊற்றினாலும் போதும். ஆனால் பொடி உயரமாக நிற்பதால் தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. நம் வழக்கமான பதம் அங்கே அடைக்கும். விருந்து நாளுக்கென்று வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு சுற்று கொரகொரப்பாக அரைக்கச் சொல்லி, அதைத் தனிப் பொட்டலமாக வாங்கி வருகிறோம்.