38 கையெழுத்து, ஓர் அட்டை: மடிப்பா, சட்டமா, ஆல்பமா?

எங்கள் அலுவலகப் பதிவறை எழுத்தர் மே 31 அன்று பணி நிறைவு பெற்றார். அவர் ஜூன் 1-இல் பிறந்தவர் என்பதால் தமிழ்நாட்டு அரசு விதிப்படி முந்தைய மாதக் கடைசி நாளிலேயே விடைபெற வேண்டியதாயிற்று. ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் எங்களோடு இருந்திருப்பார். கையெழுத்திட 38 பேர். எதில் இடுவது என்பதில் அலுவலகம் மூன்று கட்சியாகப் பிரிந்தது.

முதல் கட்சி, கடையில் கிடைக்கும் மடிப்பு அட்டை. ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவு. இடப்பக்கம் வாழ்த்து வாசகம் போக, வலப்பக்கம் மட்டும்தான் நமக்கு. ஓரம் விட்டால் 12 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம். பெயரோடு ஒரு வரியும் எழுத ஒருவருக்கு 6 செ.மீ. அகலமும் இரண்டரை செ.மீ. உயரமும் தேவை. ஆக 14 பேர். அதற்கு மேல் போனால் வெறும் கிறுக்கல்தான் மிஞ்சும். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள பிரிவுக்கு இதைவிட நல்லது வேறில்லை, எங்களுக்கு ஒத்துவராது.

அந்த அட்டையின் பளபளப்பு வேறு ஒரு வில்லங்கம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அத்தகைய அட்டையில் எல்லாரும் ஜெல் பேனாவால் எழுதினார்கள். வழுவழுத் தாள் மையை உறிஞ்சாது. அடுத்தவர் கை வைத்ததும் மேலதிகாரியின் வாழ்த்து ஒரு நீலக் கோடாக இழுபட்டது. வாங்குமுன் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, பத்து எண்ணிவிட்டு விரலால் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, சிறு சீட்டுகளை ஒட்டிய ஆல்பம். எழுதுவதற்கு இதுவே சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாக எழுதலாம். பிழை வந்தால் வேறு சீட்டு. வெளியூர்க் கிளையிலிருந்து தபாலில் வரவழைக்கலாம். பக்கத்தில் இன்னொருவர் என்ன எழுதினார் என்று பார்த்து அதையே நகலெடுக்கும் பழக்கமும் ஒழியும். ஆனால் ஆல்பம் பீரோவுக்குள் போய்விடும். விழா மேடையில் தூக்கிக் காட்டவும் முடியாது.

மூன்றாவது, சட்டமிட்ட ஏ3 தாள். வாழ்த்துமடலைக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் நம் பழைய வழக்கத்தின் நீட்சிதான். என் ஓட்டு இதற்கே. சட்டமும் உள் அட்டையும் ஓரத்தை மறைக்கும் என்பதால் நான்கு பக்கமும் இரண்டரை செ.மீ. விட்டோம். மிஞ்சிய உயரம் 37 செ.மீ. அதில் நடுவே 12 செ.மீ. அளவுக்கு வாசகம், மேலே ஏழு வரிசை, கீழே ஏழு வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம். மொத்தம் 42. ஒரு கட்டம் 8 செ.மீ. அகலம், ஏறத்தாழ 1.8 செ.மீ. உயரம். உயரம் குறைந்தாலும் அகலம் கூடுதல் என்பதால் ஒரு வரியும் கையெழுத்தும் அடங்கும்.

வாசகத்தை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தலைப்பில் வைத்தால் அதற்கு அடுத்த வரிசை அதிகாரிகளுடையதாகிவிடும், கடைநிலை ஊழியர் அடிமூலைக்குப் போவார். நடுவில் வைத்தால் முதலிடம் எது என்றே தெரியாது. மெல்லிய பென்சில் கட்டங்களை மறுநாள்தான் அழித்தோம். மை காயுமுன் ரப்பர் போட்டால் கையெழுத்தும் சேர்ந்து இழுபடும்.

வாசகத்துக்கும் போட்டி நடந்தது. தட்டச்சர் கொடுத்தது: “தங்கள் ஓய்வுக்காலம் நலமும் வளமும் நிறைந்து சிறக்க வாழ்த்துகிறோம்.” குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் யாருக்கும் கொடுக்கலாம். வென்றது இது:

“அண்ணே, 1998-ஆம் ஆண்டுக் கோப்பைக் கேட்டால் நாற்காலியை விட்டு எழாமலே அடுக்கையும் வரிசையையும் சொல்வீர்கள். இனி நாங்கள் ஏணியில் ஏறித்தான் தேட வேண்டும். நலமாக இருங்கள்.”

சட்டத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சட்டமிடும் கடை இரண்டு நாள் கேட்கும், ஆகவே விழாவுக்கு மூன்று நாள் முன்பே கையெழுத்து முடிய வேண்டும். தாளைச் சுருட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனால் சுருள் விழுந்து கண்ணாடிக்குள் படியாது. தடித்த அட்டையில் கிளிப் போட்டே சுற்றுக்கு விட்டோம். அவர் கண்ணில் படாமலிருக்க மேலே ஒரு பழைய வரைபடம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கண்ணாடி போட்டபின் யாரும் சேர முடியாது. விடுப்பில் இருந்த மூவர் விழாவன்று காலையில்தான் வந்தார்கள். உள்ளே கட்டங்கள் காலியாகத்தான் இருந்தன. ஆல்பக் கட்சிக்காரர் சிரித்தபடி மூன்று சீட்டுகளை நீட்டினார். எழுதி வாங்கி, ஓர் உறையிலிட்டு, சட்டத்தின் முதுகில் ஒட்டிக் கொடுத்தோம்.