வாசலில் 24.50 யூரோ, பில்லில் 185: பாரிஸ் உணவக அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பாரிஸுக்குச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கும், ஊரிலிருந்து வந்த பெரியவர்களை வெளியே சாப்பிடக் கூட்டிப்போகும் இங்குள்ளவர்களுக்கும் இந்தப் பதிவு. லத்தீன் குவார்ட்டர் பக்கம் ஓர் உணவகத்தில் எங்கள் நான்கு பேரிடம் 79 யூரோ கூடுதலாகக் கேட்டார்கள். பில்லில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. ஒவ்வொரு பண்டத்தின் விலையும் அட்டையில் இருந்தபடியே இருந்தது. ஆனால் நாங்கள் கேட்டது ஒரு கணக்கு, அவர்கள் போட்டது இன்னொரு கணக்கு. எப்படி என்று தெரிந்துகொண்டால் உங்களிடம் இது நடக்காது.

பிரெஞ்சு உணவகத்தில் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு விதமாகப் பில் போடலாம். ஒன்று அ லா கார்ட். அட்டையில் உள்ள ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி விலை, எதை எடுத்தாலும் அதன் விலை சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்று ப்ரீ ஃபிக்ஸ், அதாவது முன்கூட்டியே முடிவான ஒரு தொகைக்கு இத்தனை பண்டங்கள். இந்தப் பெயரை அமெரிக்க உணவகங்களில்தான் அதிகம் பார்க்கலாம். பிரான்ஸில் பலகையில் பெரும்பாலும் 'மெனு' அல்லது 'ஃபொர்முல்' என்று எழுதியிருப்பார்கள். மெனு என்றால் வழக்கமாக முன்னுணவு, முக்கிய உணவு, இனிப்பு மூன்றும். ஃபொர்முல் என்றால் பெரும்பாலும் முக்கிய உணவோடு மற்ற இரண்டில் ஒன்று. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி "மெனு கொடுங்கள்" என்றால் பண்டங்களின் பட்டியலைக் கேட்கிறோம். பிரான்ஸில் அந்தப் பட்டியலுக்குப் பெயர் 'கார்ட்'. சுற்றுலாத் தெருவில் வேலை செய்யும் சர்வர் எவருக்கும் இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். ஞாயிறு மதியம், வாசலில் கரும்பலகை: மெனு 24.50 யூரோ, ஃபொர்முல் 19.50 யூரோ. முன்னுணவுக்கு வெங்காய சூப் அல்லது மயோனேஸ் போட்ட முட்டை. முக்கிய உணவுக்கு அடுப்பில் வாட்டிய கோழி அல்லது சால்மன் மீன். இனிப்புக்கு க்ரெம் ப்ருலே. சால்மனுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'சுப்ளெமான் 4 யூரோ' என்றும் இருந்தது. அதாவது மெனுவிலேயே அந்த மீனை எடுத்தால் நாலு யூரோ கூடும். அதில் தவறொன்றும் இல்லை, நல்ல இடங்களிலும் இருக்கும். வார நாளில் மட்டும், மதியம் மட்டும் என்ற நிபந்தனை எதுவும் பலகையில் இல்லை. என் மனைவி அதைப் படம் எடுத்து வைத்தாள்.

உள்ளே உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய ஆங்கில அட்டையை நீட்டினார்கள். அதில் மெனுவும் இல்லை, ஃபொர்முலும் இல்லை, எல்லாம் தனித்தனி விலை. நான் வாசல் பக்கம் கையைக் காட்டி, 24.50 மெனு நான்கு பேருக்கும் என்று பிரெஞ்சிலேயே சொன்னேன். சர்வர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு யாருக்கு எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு சூப், இரண்டு முட்டை, இரண்டு கோழி, இரண்டு சால்மன், நான்கு க்ரெம் ப்ருலே. குடிக்கத் தண்ணீர் என்றோம், இரண்டு கண்ணாடி பாட்டில் வந்தது.

பில் இப்படி வந்தது. சூப் 11 வீதம் 22, முட்டை 9 வீதம் 18, கோழி 21 வீதம் 42, சால்மன் 24 வீதம் 48, இனிப்பு 10 வீதம் 40, தண்ணீர் 7.50 வீதம் 15. மொத்தம் 185 யூரோ. பலகைப்படி நான்கு மெனுவுக்கு 98, சால்மன் இரண்டுக்குக் கூடுதல் 8, ஆக 106. ஜாடித் தண்ணீர் இலவசம். மேலாளர் சொன்ன காரணம், நாங்கள் ஒவ்வொரு பண்டமாகப் பெயர் சொல்லிக் கேட்டோமாம், அதனால் அது அ லா கார்ட்டாம். மெனு எடுத்தாலும் சூப்பா முட்டையா என்று சொல்லித்தானே ஆகவேண்டும்?

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மெனுவில் இல்லாத பண்டம் ஒன்றை, உதாரணத்துக்கு ஆட்டுக்கறியை, அட்டையிலிருந்து எடுத்து மெனு சூப்போடு சேர்த்துக் கேட்டால், அந்த ஆளுக்கு மெனு விலை கிடைக்காது. எல்லாம் தனி விலைக்குப் போய்விடும். அது வழக்கம்தான். எங்கள் மேசையில் பலகைக்கு வெளியே ஒரு பண்டமும் கேட்கவில்லை, தண்ணீரைத் தவிர.

இங்கே பல வருடமாகச் சர்வராக இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் பில்லைக் காட்டினேன். அவர் சொன்ன விஷயம்தான் இந்தப் பதிவிலேயே முக்கியமானது. "அண்ணை, பில் வந்தவுடனே முதல் வரியைப் பாருங்கோ" என்றார். பில் போடும் மெஷினில் மெனுவுக்கென்று தனிப் பொத்தான் இருக்குமாம். அதை அழுத்தினால் பில்லில் '4 மெனு' என்று ஒரே தொகை வரும். அதன் கீழே சூப், கோழி எல்லாம் விலை இல்லாமலோ பூஜ்யமாகவோ இருக்கும், சுப்ளெமான் மட்டும் தனியாகக் காட்டும். பண்டங்களைத் தனித்தனியாக அழுத்தினால்தான் ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும். காசு கட்டுவதற்கு முன் அதை மாற்றுவது அவர்களுக்குச் சின்ன வேலை. "பேங்க் கார்டைப் போட்டுக் கட்டிப்போட்டு வந்து கேட்டால் ஆரும் திரும்பத் தரமாட்டாங்கள்" என்றார். அதனால் மெஷினில் கார்டை வைக்கும் முன் பில்லைக் கையில் வாங்கிப் படியுங்கள். 25 யூரோவும் அதற்கு மேலும் ஆனால் விவரமான பில் தருவது அங்கே கட்டாயம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1987 மார்ச் 27 தேதியிட்ட அரசாணைப்படி மெனுவையும் அட்டையையும் உணவு நேரத்தில் வாசலில் காட்ட வேண்டும், மதியம் என்றால் 11.30 மணிக்காவது. உள்ளே தரும் அட்டை, வெளியே காட்டியதோடு ஒத்திருக்க வேண்டும். மெனு விலையில் பானம் சேர்த்தியா இல்லையா என்பதையும் எழுத வேண்டும். ஆகவே வாசலில் மெனுவை எழுதிவிட்டு, அது இல்லாத ஆங்கில அட்டையை மட்டும் மேசைக்குக் கொண்டுவருவதே விதிமீறல். சாப்பாட்டோடு கேட்கும் சாதாரணக் குடிநீரும் ரொட்டியும் இலவசம். 'உன் கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும். தண்ணீர் என்று மட்டும் சொன்னால் பாட்டிலைத் திறந்துவிடுவார்கள்.

கடைசியில் கார்டு மெஷினை நீட்டியபோது திரையில் 10, 15, 20 சதவீதம் டிப்ஸ் என்று கேட்டது. சர்வீஸ் சேரவில்லை என்றும் சொன்னார்கள். பிரான்ஸில் அட்டை விலையிலேயே சர்வீஸும் வரியும் அடக்கம். மனம் விரும்பினால் சில்லறை வைத்துவிட்டு வரலாம், கடமை கிடையாது. 185-க்குப் பத்து சதவீதம் என்றாலே இன்னொரு 18.50 யூரோ. நாங்கள் வேண்டாம் என்று அழுத்தினோம்.

அப்புறம் தாப்ல் தோத் என்ற மூன்றாவது சொல். கேட்டரிங் படித்தவர்களுக்கு இது பாடப்புத்தகத்திலேயே வரும், அ லா கார்ட்டுக்கு எதிர்ப்பதமாக, ப்ரீ ஃபிக்ஸ் மாதிரியே ஒரே விலைச் சாப்பாடு என்று. பாரிஸில் உணவகங்கள் தோன்றுவதற்கு முன் விடுதிக்காரர் குறித்த நேரத்தில் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, தான் சமைத்ததைப் பரிமாறி ஒரே தொகை வாங்குவார். தாப்ல் தோத் அந்த மேசைதான். இன்றைய பிரான்ஸில் இது பெரும்பாலும் கிராமப்புறங்களில், வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் இடங்களில் இருக்கிறது. அங்கே தங்குபவர்களுக்கு மட்டும், வீட்டு மேசையில், ஒரே சாப்பாடு. தேர்வு கிடையாது, தொகை முன்பே தெரியும், பல இடங்களில் ஒயினும் காபியும் கூட அதில் அடக்கம். சைவம் என்றால் அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள். சமைத்து முடித்தபின் மாற்ற அவர்களிடம் வேறொன்றும் இருக்காது.

கனடாவில் கியூபெக் பக்கம் போனால் அதே சொல்லுக்குப் பில் வேறு மாதிரி. அங்கே முக்கிய உணவின் பக்கத்தில்தான் தாப்ல் தோத் விலை இருக்கும், சூப்போ சாலடோ, இனிப்பு, காபி எல்லாம் அதோடு சேர்ந்து வரும். மீனுக்கு ஒரு விலை, மாட்டுக்கறிக்கு ஒரு விலை. ஒரே மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு வெவ்வேறு தொகை வருவது அங்கே ஏமாற்று அல்ல.

மெனு எடுப்பதுதான் எப்போதும் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். என் மாமியார் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டார். அவருக்குக் கோழி மட்டும் போதும் என்றிருந்தால் அ லா கார்ட்டில் 21 யூரோவோடு முடிந்திருக்கும். கோழியும் இனிப்பும் என்றால் தனி விலையில் 31, ஃபொர்முலில் 19.50. ஒரே மேசையில் ஒருவர் மெனு, ஒருவர் ஃபொர்முல், ஒருவர் தனிப் பண்டம் என்று எடுக்கப் பெரும்பாலான இடங்களில் தடையில்லை. ஒரு மெனுவை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளத்தான் பலர் விடமாட்டார்கள். பண்டங்களின் பெயரைச் சொல்லும் முன் "காத்ர் மெனு ஆ வேன்த்-காத்ர் சேங்காந்த்" என்று எண்ணிக்கையையும் விலையையும் சேர்த்துச் சொல்லி, சர்வரை அதையே திருப்பிச் சொல்லவையுங்கள். மெனு இன்று கிடையாது என்றால் அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

பலகைப் படத்தைக் காட்டி அரை மணி நேரம் பேசியதில் தண்ணீர்க் காசு 15 யூரோவை மட்டும் கழித்தார்கள். பெரியவர்கள் இருவரும் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்ததால் 170 யூரோவைக் கட்டிவிட்டு வந்தோம், நியாயமான தொகையைவிட 64 யூரோ கூடுதல். அன்று இரவே அரசின் signal.conso.gouv.fr தளத்தில் பலகைப் படத்தையும் பில்லையும் இணைத்துப் புகார் பதிந்தேன். சர்வர் தவறாகப் புரிந்துகொண்டார், அடுத்த முறை வந்தால் இனிப்பு இலவசம் என்று உணவகம் பதில் போட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் மத்தியஸ்தரிடம் போவேன். வாடிக்கையாளருக்கு அதில் செலவில்லை, ஆனால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இதே மாதிரி மாட்டியவர்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.