ஒரே நிபந்தனை, மூன்று வடிகட்டிகள்: கிணற்றடிப் பெட்டிகளில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

தோட்டக் கிணறுகளில் ஓடும் பம்பிகளின் பெயாரிங் தேயத் தொடங்கினால், காதுக்குக் கேட்பதற்கு வெகு முன்னரே அதிர்வில் அது தெரியும். அந்த அதிர்வைப் பதியும் சிறு பெட்டிகளை இணுவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கங்களில் பொருத்தி வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் உணரிக்கும் இலக்கமாக்கிக்கும் நடுவே ஒரு தாழ்மீடிறன் வடிகட்டி இருக்கிறது. அதையே மூன்று விதமாகச் செய்து, பல போகங்கள் ஓடவிட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிபந்தனை. எனது பதிகருவி ஒரு செக்கனுக்கு 10,000 மாதிரிகள் எடுக்கும், அதை மாற்ற முடியாது. எனக்கு வேண்டியது 4 கிலோஹேர்ட்ஸ் வரையான அதிர்வு. 6 கிலோஹேர்ட்ஸில் வரும் எதுவும் மாதிரி எடுக்கும்போது மடிந்து 4 கிலோஹேர்ட்ஸாகத் தெரியும், 8 வந்தால் 2 ஆகத் தெரியும். ஆகவே 4 வரை 1 டெசிபெலுக்கு மேல் குறையக் கூடாது, 6 இலும் அதற்கு மேலும் குறைந்தது 40 டெசிபெல் அடங்க வேண்டும். (பதிகருவி 20,000 மாதிரி எடுக்குமானால் தடுப்பு 16 இல் தொடங்கினால் போதும். நான்காம் படிப் பட்டர்வொர்த் ஒன்றே வேலையை முடித்துவிடும், இந்தக் கட்டுரைக்கும் தேவை இருக்காது.)

இதற்கு வடிகட்டியின் படி எத்தனை வேண்டும் என்று கணினியில் கேட்டால் இப்படி வரும்:

```python
from scipy.signal import buttord, cheb1ord, ellipord
for f in (buttord, cheb1ord, ellipord):
    print(f(4000, 6000, 1, 40, analog=True)[0])
```

விடை 14, 7, 5. தட்டையான பட்டர்வொர்த்துக்கு 14, கடத்தும் பட்டையில் சமச் சிற்றலை விடும் செபிஷேவுக்கு 7, இரு பட்டைகளிலும் சிற்றலை விடும் நீள்வளைய வடிகட்டிக்கு 5. இந்த முழு எண்களுக்குப் பின்னால் இருக்கும் பின்னங்களையும் பார்க்க வேண்டும். பட்டர்வொர்த்துக்கு உண்மையில் வேண்டியது 13.02, செபிஷேவுக்கு 6.21, நீள்வளையத்துக்கு 4.03. பதின்மூன்றாம் படிப் பட்டர்வொர்த் 6 கிலோஹேர்ட்ஸில் 39.9 டெசிபெல் தருகிறது. மயிரிழையில் தவறுகிறது. அப்படியான இடத்தில் 13 ஓடு நிற்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். கொள்ளளவிகளின் பிழையே அந்த 0.1 டெசிபெலை விழுங்கிவிடும். ஆனால் பட்டர்வொர்த்தில் 14 க்கு ஏறினால் கிடைக்கும் மிச்சம் சிறியது, நீள்வளையத்தில் 4 இலிருந்து 5 க்கு ஏறினால் கிடைப்பது பெரியது. இந்த மிச்சத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐந்தாம் படி நீள்வளையத்துக்கு 1 டெசிபெல் சிற்றலையை முழுதாகக் கொடுத்தால் தடுப்பு 54 டெசிபெல் வரை போகும். எனக்கு 40 போதும். எனவே மிச்சத்தைத் தடுப்பில் சேர்க்காமல் சிற்றலையைக் குறைக்கச் செலவிட்டேன். சிற்றலை 0.1 டெசிபெல், தடுப்பு 43.4 டெசிபெல். செபிஷேவிலும் அதையே செய்தேன், சிற்றலையை 0.25 க்கு இறக்கினால் தடுப்பு 40.2 இல் நிற்கிறது. பட்டர்வொர்த்தில் செலவிட ஏதும் இல்லை. 1 டெசிபெல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு 43.4 தருகிறது.

இப்படி வைத்த பிறகு மூன்றின் குணமும் மாறிவிடுகிறது. ஒவ்வொரு வடிகட்டியிலும் ஆகக் கூர்மையான இரண்டாம்படிப் பகுதியின் Q வைப் பாருங்கள்: பட்டர்வொர்த் 4.5, செபிஷேவ் 7.5, நீள்வளையம் 4.7. பட்டர்வொர்த் சாது, நீள்வளையம் முரடு என்று பாடத்தில் படித்து வந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். அந்தப் பேச்சு ஒரே படியை ஒப்பிடும்போது சரி. ஒரே நிபந்தனையை ஒப்பிடும்போது பட்டர்வொர்த் 14 ஆம் படிக்குப் போக வேண்டியிருக்கிறது, அந்தப் படியில் அதுவும் சாது இல்லை.

அதிர்வு வேலைக்கு இன்னும் முக்கியமானது தாமதம். பெயாரிங்கில் ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சிறு தட்டு விழும். தட்டில் இருக்கும் எல்லா மீடிறன்களும் ஒரே நேரம் வந்து சேர்ந்தால் அது கூராகத் தெரியும். மேல் மீடிறன்கள் பிந்தி வந்தால் தட்டு இழுபட்டு ஒரு வாலோடு தெரியும். பட்டர்வொர்த்தில் தாழ்ந்த மீடிறன்களுக்குத் தாமதம் 340 மைக்ரோசெக்கன், 4 கிலோஹேர்ட்ஸில் சுமார் 680. செபிஷேவில் 235 இலிருந்து 690 க்கு ஏறுகிறது. நீள்வளையத்தில் 110 இலிருந்து 360 வரைதான். ஏற்றத்தைப் பார்த்தாலும் மொத்தத்தைப் பார்த்தாலும் நீள்வளையமே நல்லது. மூன்று பெட்டிகளிலும் ஒரே பம்பியைப் பதிந்து அடுக்கிப் பார்த்தபோது, வால் ஆக நீளம் செபிஷேவில்தான். இந்த வேலைக்கு வருமுன் நான் பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பேன்.

சரி, செய்வதில் எது சுலபம்? ஐந்து என்ற எண்ணைப் பார்த்து நீள்வளையம் சிறிய பலகையாக வரும் என்று நினைக்க வேண்டாம். பட்டர்வொர்த் ஏழு சாலன்-கீ கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒப் அம்ப். செபிஷேவ் மூன்று கட்டங்களும் ஒரு ஆர்.சி.யும். நீள்வளையத்தில் ஒரு ஆர்.சி.யோடு இரண்டு கட்டங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் பூச்சியத்தை, அதாவது வெளியீடு அற்றுப்போகும் மீடிறனை, உண்டாக்க மூன்று நான்கு ஒப் அம்ப் கேட்கும். பலகையின் பரப்பில் பட்டர்வொர்த்தும் நீள்வளையமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகச் சிறியது செபிஷேவ்.

நீள்வளையத்தில் இசைவு செய்யும் வேலையும் உண்டு. எனது வடிவில் பூச்சியங்கள் 6.23 இலும் 9.33 இலும் விழுகின்றன. சமிக்ஞைப் பிறப்பாக்கியை 6.23 இல் வைத்து, அலைகாட்டியில் வெளியீடு ஆகக் குறையும்வரை சிறு மாறுந்தடையியைத் திருப்ப வேண்டும். அப்புறம் 9.33 க்கு அதையே. கூர்மையான பகுதியை, அதாவது 4.29 கிலோஹேர்ட்ஸில் Q 4.7 உள்ளதை, அதற்குக் கிட்டிய பூச்சியமான 6.23 ஓடு சேர்த்துக் கடைசிக் கட்டமாக வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் அந்த மீடிறனில் சமிக்ஞை உள்ளுக்குள் உயர்ந்து ஒப் அம்ப் வெட்டுப்படும், வெளியீட்டிலோ எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும்.

இனி வெயில். பம்பிக் கொட்டிலின் கூரை தகரம். பங்குனி, சித்திரை மத்தியானத்தில் பெட்டிக்குள் கை வைக்கக் கூசும். செபிஷேவ் பலகையில் முதலில் போட்டிருந்தவை X7R செரமிக் கொள்ளளவிகள். கடையில் அந்தப் பெறுமானத்தில் கிடைத்தது அதுதான். காலையில் பதிந்ததற்கும் மத்தியானம் பதிந்ததற்கும் 3.6 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் மட்டம் ஒத்து வரவில்லை. பம்பியை நிறுத்திவிட்டு 3.9 கிலோஹேர்ட்ஸ் சோதனைச் சமிக்ஞை கொடுத்தாலும் அதே வித்தியாசம், ஆகவே பம்பியில் குற்றமில்லை. காரணம் நேரானது: ஒரு பகுதியின் மீடிறன் 1 வீதம் அசைந்தால் விளிம்பை ஒட்டி மட்டம் ஏறத்தாழ Q மடங்கு வீதம் வரை அசையும். Q 7.5 என்றால் அரை டெசிபெலுக்கு மேல். X7R வெப்பத்தில் சில வீதம் போகலாம், அதன்மேல் வோல்ற்றளவுக்கும் மாறும். C0G க்கு மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது. அது ஒரு பாகைக்கு மில்லியனில் 30 பங்குக்குள் நிற்கும், 35 பாகை ஏறினாலும் 0.1 வீதம்தான். நீள்வளையத்தில் அந்த மலிவுக் கொள்ளளவிகளைக் கனவிலும் போடக் கூடாது. மட்டம் மட்டுமல்ல, பூச்சியமும் நகர்ந்து 6 கிலோஹேர்ட்ஸ் திறந்துவிடும்.

இதுவரை கேட்டால் நீள்வளையத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று தோன்றும். நானும் பெரும்பாலான கிணறுகளில் அதைத்தான் வைத்திருக்கிறேன். அதன் உண்மையான குறை தெரிய வந்தது கோப்பாயில் ஒரு சூரியசக்திப் பம்பியில்.

அங்கே மோட்டரை ஒரு மாறுமீடிறன் டிரைவ் ஓட்டுகிறது, அதன் ஆளி மீடிறன் 8 கிலோஹேர்ட்ஸ். பதிவில் 2 கிலோஹேர்ட்ஸில் ஒரு கூரான கோடு நின்றது. "தம்பி, பம்பி பழுதோ, உங்கட பெட்டி பழுதோ?" என்று தோட்டக்கார ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. சோதிக்கும் வழி இலகு: டிரைவில் ஆளி மீடிறனை 7.5 க்குக் குறைத்தோம், கோடு 2 இலிருந்து 2.5 க்கு ஏறியது. மூலம் இறங்கும்போது கோடு ஏறினால் அது மடிந்து வந்தது. பெயாரிங் அப்படிச் செய்யாது.

உணரிக் கம்பியில் அந்த 8 கிலோஹேர்ட்ஸ் சுமார் 200 மில்லிவோல்ற்று இருந்தது. நீள்வளையம் அங்கே தருவது 47 டெசிபெல், ஆகவே 0.9 மில்லிவோல்ற்று உள்ளே வந்துவிடுகிறது. தேய்வின் தொடக்கமும் அந்த அளவுதான். நிபந்தனை 40 டெசிபெல் கேட்டது, வடிகட்டி 40 க்கு மேல் கொடுத்தது. ஆனால் அது 6 இலும் 16 இலும் ஏறத்தாழ அதே 43 ஐத்தான் தரும், தூரப் போகப் போக மற்ற இரண்டையும்போல் அடங்காது. செபிஷேவ் 8 இல் 62 டெசிபெல். பட்டர்வொர்த் கணக்குப்படி 78, அதையும் தாண்டிப் போகும். தாண்டிப் போவதைப் பெரிதாக நம்ப வேண்டாம். சாலன்-கீ கட்டத்தில் உயர் மீடிறனில் ஒப் அம்ப்பின் வெளியீட்டுத் தடங்கல் ஏற, சமிக்ஞை கொள்ளளவி வழியே நேராகக் கசிந்துவிடும். கடதாசியில் உள்ள 160 டெசிபெலைப் பலகையில் யாரும் கண்டதில்லை.

நீள்வளையத்தை வைத்துக்கொண்டே ஒரு தந்திரம் செய்யலாம். டிரைவில் ஆளி மீடிறனை 9 க்கு வைத்தால் அது 9.33 பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழுகிறது, தடுப்பு 60 டெசிபெலாகிறது. கோடு 1 கிலோஹேர்ட்ஸுக்கு நகர்ந்து நிலமட்டத்துக்குள் மறைந்தது. ஆனால் ஆளி மீடிறன் ஏறினால் டிரைவின் சூடும் ஏறும். மத்தியான வெயிலில் அது தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கத் தொடங்கியது, தண்ணீர் குறைந்தது, ஐயாவுக்கு அது சரிவரவில்லை. 8 க்கே திரும்ப வைத்துவிட்டு, அந்த ஒரு கொட்டிலில் மட்டும் C0G போட்ட செபிஷேவ் பலகையை மாட்டினேன். தட்டின் வால் அங்கே கொஞ்சம் நீளம்தான். கீறல் திரும்பத் திரும்ப வரும் இடைவெளியைப் பார்ப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை. பட்டர்வொர்த் பலகை இப்போது மேசையில், புதுப் பலகைகளைச் சோதிக்கும்போது ஒப்பிடுவதற்கு.